கத்தரிக்காய்ப் புழு வீடியோவுக்குத் தலைப்பு தேடிய கதை

போன வாரம் யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, என் கத்தரிக்காய் வீடியோவுக்குத் தேடல் வழியாக வந்தவர்கள் என்ன சொல் போட்டு வந்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன் நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்த மூன்று சொற்றொடர்கள் அப்படியே அங்கே இருந்தன. அதற்கு முன் இரண்டு முறை தலைப்பு வைத்து இரண்டு முறையும் தவறியிருந்தேன். எங்கே தவறினேன், எது சரியாக வந்தது என்று நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

இலவம்பாடியில் மாமாவுக்கு அரை ஏக்கர் முள்ளுக் கத்தரி இருக்கிறது. 2023இல் வேலூர் முள்ளு கத்தரிக்காய் என்ற பெயரில் புவிசார் குறியீடு வாங்கிய காய்தான் இது. காய்க்குள் புழு விழுந்து மூட்டைக்குக் கால்வாசி கழிவு போய்க்கொண்டிருந்தது. அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, வாடிய நுனிகளைக் கிள்ளி எடுத்து, மாமா அதை ஓரளவு அடக்கினார். கூடவே நின்று 11 நிமிட வீடியோ எடுத்தேன். தலைப்பு இப்படி வைத்தேன்: `கத்தரியில் தண்டு மற்றும் காய்த்துளைப்பான் ஒருங்கிணைந்த மேலாண்மை`. வேளாண்மைக் கையேட்டில் இருக்கும் பெயர். ஒரு பிழையும் கிடையாது. 40 நாளில் 63 பேர் பார்த்தார்கள். அதில் தேடல் வழியாக வந்தவர்கள் 4 பேர்.

மாமாவிடம் காட்டினேன். தலைப்பைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாப்ள, நம்ம ஊர்ல எவன்டா துளைப்பான்னு சொல்லிகினு கீறான்? சொத்த வுழுந்துச்சின்னுதான் சொல்வான்."

அந்த ஒரு வரியில்தான் வேலை ஆரம்பித்தது. ஆனால் உடனே போனை எடுத்துத் தேடல் பெட்டியில் தட்டாமல், முதலில் அணைக்கட்டு என்ற ஊரில் தெரிந்த ஒருவரின் பூச்சிமருந்துக் கடைக்குப் போனேன். காலை 8 மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கத்தரிக்காய் விஷயமாக வருகிறவர்கள் கடைக்காரரிடம் சொல்லும் முதல் வாக்கியத்தை மட்டும் குறித்துக்கொண்டேன். ஏழு பேர் வந்தார்கள். "காய் சொத்தையா வருது", "நுனி தொங்கிப்போச்சு", "குருத்து காயுது", "புழு மருந்து குடு". ஒருவர்கூட பூச்சியின் பெயரைச் சொல்லவில்லை, பொறி கேட்கவுமில்லை. செடியில் கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள், இல்லையென்றால் மருந்து கேட்டார்கள். என் வீடியோவின் உயிரே பொறிதான். ஆனால் பொறி என்று ஒன்று இருப்பது தெரியாதவர் அதைத் தேடவே மாட்டார் என்பது எனக்கு அந்த ஸ்டூலில்தான் உறைத்தது. அவருக்குத் தெரிந்தது நோயின் அடையாளம் மட்டும்.

அன்று சாயங்காலம் தேடல் பெட்டிக்கு வந்தேன். முதல் தப்பு அங்கேயே. என் போனில், என் கணக்கில் இருந்தபடி `கத்தரி` என்று தட்டியதும் என்னுடைய நீளமான தலைப்பே மேலே வந்து நின்றது. பலரும் இதைத் தேடுகிறார்கள் போல என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சின்னப் படத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கடிகாரப் படம் இருந்தால் அது நாமே முன்பு தேடியது. பூதக்கண்ணாடிப் படம் இருந்தால்தான் அது யூடியூப் தரும் பரிந்துரை. வீடியோ எங்கே நிற்கிறது என்று பார்க்க நானே பத்து முறை தேடியிருந்தேன், அதுதான் திரும்பி வந்தது. அப்புறம் மடிக்கணினியில் குரோமில் மறைநிலைச் சாளரம் திறந்து, கணக்கில் நுழையாமலேயே எல்லாவற்றையும் செய்தேன். இடம் தமிழ்நாடு என்று அதற்குத் தெரிந்துதான் இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

`கத்தரி` என்று மட்டும் போட்டால் கத்தரி வெயில் வந்தது. வேலூர்க்காரனுக்கு இது புதிதில்லை, ஆனால் எனக்கு வேண்டியது அது இல்லை. `கத்தரிக்காய்` என்று முழுதாகப் போட்டால் குழம்பு, தொக்கு, வறுவல், பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய் என்று முழுவதும் அடுப்படி. பத்துப் பன்னிரண்டு பரிந்துரையில் தோட்டம் ஒன்றுகூட இல்லை. `கத்தரிக்காய் செடி` என்று இன்னொரு சொல் சேர்த்ததும் பட்டியல் மொத்தமும் மாறியது: வளர்ப்பு, பூ உதிர்தல், நோய், பூச்சி. சமையல் செய்கிறவர் செடி என்று எழுத மாட்டார். ஆக, "செடி" என்ற அந்தச் சொல் என் தலைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று முதல் முடிவை நோட்டில் எழுதினேன். பரிந்துரைப் பட்டியலால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். அது ஒரு புதுச் சொல்லைத் தந்ததைவிட, என் சொல் எந்தக் கூட்டத்துக்குள் என்னைத் தள்ளுகிறது என்று காட்டியது.

அடுத்து எழுத்து எழுத்தாகப் போனேன். `கத்தரிக்காய் செடி` என்று எழுதி ஒரு இடைவெளி விட்டு, `க` தட்டிப் பார்ப்பது, அழித்துவிட்டு `ச`, பிறகு `ந`, `ப`, `ம`, `வ`. தமிழில் உயிர்மெய் மாறினால் பட்டியலும் மாறுகிறது. `பு` போட்டால் புழு, `பூ` போட்டால் பூ உதிர்வும் பூச்சியும். அதனால் `ப` ஒன்றோடு நிறுத்தக் கூடாது. இப்படித் தேடலைத் தொடங்கி வைக்கும் ஒரு விதைச் சொல்லுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. புதிதாக வந்ததை மட்டும் எழுதிக்கொண்டேன்.

பிறகு அதையே ஆங்கில எழுத்தில் செய்தேன். இது கூடுதல் வேலை என்று தோன்றும், ஆனால் இதுதான் பாதிக் கதை. நம் ஆட்கள் நிறையப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். மைக்கை அழுத்திப் பேசுகிறவர்களுக்குத் தமிழ் எழுத்தில் விழுகிறது. இரண்டு பட்டியலும் ஒன்றில்லை. `kathirikai sedi` என்று போட்டால் ஒரு பட்டியல், `katharikai sedi` என்றால் வேறு, `kathirikkai` என்று இரண்டு `k` போட்டால் இன்னும் வேறு. ழகரம் வரும் இடத்தில் இன்னும் பிரிகிறது: `puzhu` என்றும் எழுதுகிறார்கள், `pulu` என்றும் எழுதுகிறார்கள். `brinjal plant` என்று ஆரம்பித்து முடிவில் `in tamil` சேர்க்கிறவர்கள் தனிக் கூட்டம். எல்லாவற்றையும் ஒரு தலைப்பில் திணிக்க முடியாது. எந்த எழுத்துக்கூட்டலில் தோட்டம் சம்பந்தமான பரிந்துரைகள் அதிகம் வருகின்றன என்று மட்டும் எண்ணினேன். என் கணக்கில் `kathirikai sedi` முன்னால் நின்றது.

இந்த இடத்தில் இரண்டாவது தப்பு நடந்தது. முதலாவதைவிட இது அதிக நாளைத் தின்றது. எந்த எழுத்துக்கூட்டலில் தட்டினாலும் திரும்பத் திரும்ப வந்த ஒன்று `kathirikai poochi marunthu`. எல்லாப் பட்டியலிலும் இருக்கிறதே, இதுதான் தேவை என்று முடிவு கட்டினேன். பழைய வீடியோவுக்கே `கத்தரிக்காய் பூச்சி மருந்து | kathirikai poochi marunthu` என்று பெயர் மாற்றினேன். மூன்று வாரத்தில் பார்வை 63இலிருந்து 410 ஆனது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சராசரியாகப் பார்க்கும் நேரம் 4 நிமிடத்திலிருந்து 1 நிமிடம் 10 நொடிக்கு இறங்கிவிட்டது. பார்வையாளர் தங்குவதைக் காட்டும் கோட்டைத் திறந்தால், முதல் அரை நிமிடத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டார்கள். ஒருவர் கருத்தில் எழுதியிருந்தார்: "மருந்து பேரும் சொல்லல, அளவும் சொல்லல."

அவர் சொன்னது நியாயம். அந்த வீடியோவில் நான் எந்த மருந்தையும் காட்டவில்லை. மருந்தின் பெயரும், டேங்குக்கு எத்தனை மில்லி என்பதும் தேடி வந்தவரிடம் பொறியைக் காட்டினால் அவர் ஏன் நிற்பார்? பரிந்துரையில் வருவது மக்கள் கேட்கிறார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். என் வீடியோ அதற்குப் பதிலா என்பதை அது சொல்லாது. நான் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. மறுநாளே அந்தத் தலைப்பை எடுத்துவிட்டேன்.

அதன்பிறகு நோட்டில் மூன்று பத்தி போட்டேன். முதல் பத்தியில் சொற்றொடர். இரண்டாவதில், இதைத் தட்டுகிறவர் யார்: வயல்காரரா, மாடித்தோட்டக்காரரா, சமையல்காரரா. மூன்றாவதில், என் கையில் இருக்கும் காட்சிகளால் இதற்குப் பதில் சொல்ல முடியுமா. மூன்றாவது பத்தியில் ஆம் என்று எழுத முடியாததை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அடித்தேன். 46 சொற்றொடரில் 9 மிஞ்சின.

இரண்டாவது பத்தியை மனதுக்குள் யோசித்து நிரப்பக் கூடாது. அந்தச் சொற்றொடரை மறைநிலையில் தேடி, முதலில் வரும் பத்து வீடியோக்களைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். `கத்தரிக்காய் செடி வாடுதல்` எனக்குப் பிடித்திருந்தது. தேடிப் பார்த்தால் வந்தவை பெரும்பாலும் வாடல் நோய். அதில் செடி முழுவதும் தொய்ந்து விழும். துளைப்பான் விழுந்தால் நுனிக் குருத்து மட்டும் தொங்கும், கீழே இலையெல்லாம் பச்சையாகவே இருக்கும். அந்த நுனியைக் கிள்ளிப் பிளந்தால் உள்ளே துளையும் எச்சமும், பல நேரம் புழுவும் இருக்கும். ஒரே ஒரு சொல் குறைவதால் இரண்டு நோய்க்காரர்களும் ஒரே வாசலில் வந்து நிற்பார்கள், வாடல்காரருக்கு என்னிடம் பதில் இல்லை. `நுனி` என்ற சொல்லைச் சேர்த்து `கத்தரிக்காய் செடி நுனி வாடுதல்` என்று தேடினேன். வந்த பத்தில் இரண்டுதான் நேராக இந்தப் புழுவைப் பற்றியவை. அவற்றிலும் வயலில் பொறி வைப்பதை யாரும் காட்டவில்லை. கடையில் கேட்ட "நுனி தொங்கிப்போச்சு" இங்கே வந்து உட்கார்ந்தது.

கூகுள் டிரெண்ட்ஸையும் விடவில்லை. அதில் மேலே `Web Search` என்று இருப்பதை `YouTube Search` என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் யூடியூபில் தேடுகிறவர்களின் கணக்கை விட்டுவிட்டு, கூகுளில் தேடுகிறவர்களின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்போம். இடத்தைத் தமிழ்நாடு என்று வைத்தேன். ஒரே நேரத்தில் ஐந்து சொல் வரை ஒப்பிடலாம். என் ஒன்பது சொற்றொடர்களைப் போட்டபோது ஒன்றுக்கும் கோடு எழும்பவில்லை, போதிய தரவு இல்லை என்று வந்தது. நீளமான, சிறு கூட்டம் தேடும் சொற்களுக்கு அப்படித்தான் வரும், யாருமே தேடவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். `kathirikai sedi` என்பதோடு `kathirikai kulambu` சேர்த்தால் செடியின் கோடு தரையோடு படுத்துவிடுகிறது. அங்கே காட்டும் 100 என்பது ஆட்களின் எண்ணிக்கை இல்லை. ஒப்பிடும் சொற்களில் உச்சத்தை 100 என்று வைத்து, மற்றதை அதற்குத் தக்கபடி குறைத்துக் காட்டுகிறார்கள். பெரிய சொல்லைப் பக்கத்தில் நிறுத்தினால் சிறியது மறைந்துவிடும். அதனால் எழுத்துக்கூட்டல்களை மட்டும் தங்களுக்குள் ஒப்பிட டிரெண்ட்ஸைப் பயன்படுத்தினேன். அதிலும் சமையல் கூட்டம் கலந்திருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டேன்.

கூகுள் தேடல் பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களும், நடுவில் கேள்விகளாக வரும் `People also ask` பெட்டியும் வேறு விதத்தில் உதவின. அவை வலைத்தளம் தேடுகிறவர்களின் கேள்விகள், யூடியூப் தலைப்புக்கு நேராக எடுக்க முடியாது. ஆனால் வீடியோவுக்குள் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அவை காட்டின. சொத்தைக் காயைச் சாப்பிடலாமா, வேப்பெண்ணெய் வேலை செய்யுமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேள்விகள். இவற்றில் இரண்டுக்கு மாமாவே பதில் சொல்வார் என்பதால் அதையும் படமெடுக்கும் பட்டியலில் சேர்த்தேன்.

இந்த முறை கேமராவைத் தொடுவதற்கு முன்பே தலைப்பு தயார். மாமாவின் அடுத்த நடவு காய்க்கும் வரை காத்திருந்து புதிதாக எடுத்தேன்:

`கத்தரிக்காய் செடி நுனி வாடுதா? காய்க்குள் புழுவா? | kathirikai sedi puzhu`

இது 73 எழுத்து. யூடியூப் 100 வரை விடும். ஆனால் தமிழில் அது சீக்கிரம் நிரம்பும். கால், கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. `கத்தரிக்காய்` நமக்கு 7 எழுத்து, அதற்கு 12. போனில் தலைப்பின் பின்பகுதி வெட்டுப்படும் என்பதால் அடையாளம் முன்னால், ஆங்கில எழுத்து கடைசியில். முதலில் `புழுவைப் பிடிக்கும் பொறி` என்று சேர்க்கத்தான் நினைத்தேன். மாமா தடுத்தார். பொறியில் விழுவது ஆண் அந்துப்பூச்சி, காய்க்குள் இருக்கும் புழு இல்லை. ஏற்கெனவே உள்ளே போன புழுவுக்குப் பொறி ஒன்றும் செய்யாது, வாடிய நுனியைக் கிள்ளி, சொத்தைக் காயைப் பறித்து எடுத்தால்தான் உண்டு. தலைப்பில் அப்படிப் போட்டிருந்தால் மறுபடியும் மருந்துக் கதைதான் ஆகியிருக்கும்.

தலைப்பில் இடம் கிடைக்காத `katharikai`, `kathirikkai`, `pulu` ஆகியவற்றைக் குறிச்சொற்களில் போட்டேன். குறிச்சொற்களுக்குப் பங்கு மிகக் குறைவு, அடிக்கடி எழுத்துப்பிழையோடு தேடப்படும் சொற்களுக்குத்தான் உதவும் என்று யூடியூபே சொல்கிறது. எனக்குத் தேவையும் அதுதான். விளக்கப் பகுதியில் சொற்களை வரிசையாகக் கொட்டவில்லை, அது விதிமீறல். "சொத்தை", "குருத்து" என்ற இரண்டையும் வைத்து இரண்டு முழு வாக்கியம் எழுதினேன், அவ்வளவுதான்.

வீடியோவின் முதல் 20 நொடியில் மாமா பேசவே இல்லை. தொங்கிய ஒரு நுனியைக் கிள்ளி, நகத்தால் பிளந்து, புழுவை உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறார். தலைப்பில் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில். செடி முழுதும் வாடியவர் இது தனக்கில்லை என்று அப்போதே தெரிந்துகொண்டு போகலாம். அப்புறம் பொறி, ஏக்கருக்கு 5 என்ற கணக்கில் எங்கள் அரை ஏக்கருக்கு 3.

40 நாளில் 1,140 பார்வை. தேடல் வழியாக 430. சராசரி நேரம் 3 நிமிடம் 50 நொடி. பெரிய சேனல்களுக்கு இது ஒன்றுமில்லாத எண். ஆனால் மருந்துத் தலைப்புக்கு வந்த கூட்டத்தோடு பார்த்தால், இவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், பொறி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். செலவு என்று பார்த்தால் நோட்டுக்கு 20 ரூபாய், அணைக்கட்டு போய்வர பஸ் காசு, நான்கு சாயங்காலம்.

அடுத்த முறை இரண்டு விஷயத்தை மாற்றுவேன். மருந்துக் கடையில் ஒரு காலை போதவில்லை. வந்தவர்கள் எல்லாரும் வயல்காரர்கள், அதனால் என் விதைச் சொற்களும் அவர்களுடையதாக மட்டும் இருந்தன. போன வாரம் திறந்த பட்டியலில் நான் எழுதி வைத்த மூன்று சொற்களுக்கும் மேலே, முதலிடத்தில் நின்றது `maadi thottam kathirikai puzhu`. என் நோட்டில் அது இல்லவே இல்லை. மாடியில் நான்கு பையில் செடி வைத்திருப்பவர்கள் இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், ஏக்கருக்கு 5 பொறி என்ற பேச்சால் அவர்களுக்கு என்ன பயன்? சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம் போய், அவர்கள் வாயால் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தேடல் பெட்டிக்கு வர வேண்டும்.

இரண்டாவது, எழுத்து எழுத்தாகத் தேடியதை ஒரே நாளில் செய்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஒருமுறை அதே விதைச் சொல்லைப் போட்டுப் பார்த்ததில் பட்டியல் கொஞ்சம் மாறியிருந்தது. இனி ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, இரண்டிலும் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்வேன்.

நேற்று மாமாவிடம் மாடித்தோட்டக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். "நாலு செடிக்குப் பொறி எதுக்குடா, தெனம் காலீல போய் நுனிய பாத்தா போதும்" என்றார். நோட்டின் புதுப் பக்கத்தில் அதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரி போகிறேன்.